கடும் கோடையில் தேர்வு: அறையின் குளிர்ந்த நேரத்தைக் கண்டறிந்து கடினமான படிப்பை அங்கே வைப்பது எப்படி?

வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் தேர்வு வந்தால், அதிகாலையில் எழுந்து படிக்கும்படி எல்லோரும் சொல்வார்கள். அந்த அறிவுரையில் தவறில்லை என்றாலும் அது பாதியில் நின்றுவிடுகிறது. எத்தனை மணிக்கு எழுவது, எழுந்து எதைப் படிப்பது, அதற்கான தூக்கத்தை எங்கிருந்து எடுப்பது, வெப்பம் மிகுந்த பிற்பகலை என்ன செய்வது ஆகிய கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. குளிரூட்டி இல்லாத அறையில், மின்விசிறியை மட்டும் நம்பிப் படிக்கும் ஒருவர் தன் நாளை மாற்றி அமைத்துக்கொள்ளும் முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

முறை தெளிவாக விளங்குவதற்காக ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். அவருக்குத் தேர்வு தொடங்க நான்கு வாரம் இருக்கிறது. தேர்வு நேரம் காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை. அவருடைய அறை மேல்தளத்தில், கான்கிரீட் கூரைக்கு நேர்கீழே இருக்கிறது. நள்ளிரவில் தூங்கி, காலை 7.30 மணிக்கு எழுவது அவர் வழக்கம். பகலில் வெயிலோடு போராடியபடி எளிய பாடங்களைப் படித்துவிட்டு, வெளியே காற்று இதமாகும் இரவு 8 மணிக்கு மேல் கணக்கில் உட்காருகிறார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் பக்கங்கள் நகர்வதில்லை.

முதல் படி: வெளியை விட்டுவிட்டு அறையின் வெப்பத்தை அளந்து பாருங்கள்

வானிலை அறிக்கை சொல்வது வெளிக்காற்றின் வெப்பநிலையை. படிப்பதோ அறைக்குள். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. வெளியே வெப்பம் பொதுவாகப் பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கி, சூரியன் உதிக்கும் வேளையில் மிகக் குறைவாக இருக்கும். கான்கிரீட் கூரையும் செங்கல் சுவரும் பகல் முழுவதும் வாங்கிக்கொண்ட வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதித்தே உள்ளே விடுகின்றன. அதனால் மேல்தள அறை மாலையிலும் முன்னிரவிலும்தான் அதிகமாகக் கொதிக்கும்.

சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று இதற்குப் போதும். அதை நேர்வெயில் படாமல், மேசையில் நீங்கள் உட்காரும் உயரத்தில் வைத்து, இரண்டு நாட்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். நம் மாணவியின் குறிப்பு இப்படி அமைந்ததாக வைத்துக்கொள்வோம்: காலை 5 மணிக்கு 29 டிகிரி செல்சியஸ், 8 மணிக்கு 30, 11 மணிக்கு 33, பிற்பகல் 2 மணிக்கு 35, மாலை 5 மணிக்கு 37, இரவு 8 மணிக்கு 36, இரவு 11 மணிக்கு 34. அவர் கணக்குப் போட ஒதுக்கிவைத்திருந்த இரவு 8 மணிக்கு வெளியே 32 டிகிரிதான். ஆனால் அறைக்குள் அது நண்பகலைவிடச் சூடான நேரம். வெளியே வீசும் காற்றை நம்பி, நாளின் மோசமான நேரத்தில் மிகக் கடினமான பாடத்தை வைத்திருக்கிறார்.

இந்த இடைவெளி படிப்பை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2016 கோடையில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குளிரூட்டப்பட்ட விடுதியிலும் குளிரூட்டப்படாத விடுதியிலும் தங்கியிருந்த 44 மாணவர்களைப் பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து, தினமும் காலையில் எழுந்தவுடன் செல்பேசி வழியே சிறு சோதனைகள் வைத்தார்கள். கவனச் சோதனையில், குளிரூட்டி இல்லாதவர்கள் விடையளிக்க ஏறத்தாழ 13 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டல் கழித்தலிலும் பின்தங்கினார்கள். வெப்ப அலை ஓய்ந்து வெளியே குளிரத் தொடங்கிய பிறகும் கட்டடம் சூடாகவே இருந்த நாட்களில்தான் இந்த வேறுபாடு மிகுதியாக இருந்தது. வெளியே தணிந்துவிட்டது என்பதை அறையும் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் படி: வெப்பம் உங்களை எவ்வளவு தடுக்கிறது என்று சோதியுங்கள்

எல்லோரையும் வெயில் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஆகவே தினசரி அட்டவணையைக் கலைப்பதற்கு முன்னால் ஒரு சிறு சோதனை செய்வது நல்லது. ஒரே பாடத்திலிருந்து, ஒரே கடினத்தன்மை கொண்ட பத்துக் கணக்குகள் கொண்ட இரண்டு தொகுப்புகளை எடுங்கள். ஒன்றை அறையின் குளிர்ந்த நேரத்திலும் மற்றொன்றைச் சூடான நேரத்திலும் போட்டு, ஆன நேரத்தையும் தவறுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முடிவை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று நாள் திரும்பச் செய்து, ஒவ்வொரு நாளும் தொகுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். கண் விழித்த அரை மணிக்குள் சோதிப்பதும் சாப்பிட்டவுடன் சோதிப்பதும் முடிவைக் குழப்பும்.

தவறுகளின் எண்ணிக்கையோடு அவற்றின் வகையையும் பாருங்கள். குறியை மாற்றி எழுதுவது, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எண்ணைத் தவறாகக் கொண்டுபோவது, கேள்வியின் கடைசி நிபந்தனையை விட்டுவிடுவது போன்றவை சூடான நேரத்தில் மட்டும் பெருகினால் காரணம் பெரும்பாலும் வெப்பமும் சோர்வும்தான். இரண்டு நேரத்திலும் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தப் பாடம் புரியவில்லை என்று பொருள்; அதற்கு நேரத்தை மாற்றுவது மருந்தாகாது. இரு நேரங்களுக்கும் பெரிய வேறுபாடே இல்லாதவர் தன் பழைய அட்டவணையைத் தொடரலாம். தேர்வுக்குச் சில வாரமே இருக்கும்போது தேவையில்லாமல் தூக்க நேரத்தை மாற்றுவது நட்டத்தில் முடியும்.

மூன்றாம் படி: வேலையைப் பாடத்தால் பிரிக்காதீர்கள், வகையால் பிரியுங்கள்

"கணக்கு கடினம், மொழிப்பாடம் எளிது" என்று பிரிப்பதுதான் இங்கே பலர் செய்வது. எல்லாப் பாடத்திலும் கடினமான வேலையும் எளிய வேலையும் கலந்தே இருக்கின்றன. வெப்பத்தில் முதலில் தளர்வது, பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திவைத்துக் கையாளும் திறன். அந்தத் திறனைக் கேட்கும் வேலைகளை மட்டும் குளிர்ந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். இதுவரை பார்க்காத வகைக் கணக்கு, பல படிகள் கொண்ட நிரூபணம், முதல்முறை படிக்கும் கருத்து, நேரம் வைத்து எழுதும் நெடுவினா ஆகியவை இதில் அடங்கும்.

ஏற்கெனவே புரிந்ததைப் புத்தகம் மூடி நினைவுகூர்வதும், தெரிந்த வகைக் கணக்குகளைத் திரும்பப் போடுவதும், ஒரு மதிப்பெண் வினாக்களும் நடுத்தர வேலைகள். குறிப்புகளைச் சுத்தமாக எழுதுவது, படங்களுக்குப் பாகம் குறிப்பது, சூத்திரங்களை அட்டைகளில் எழுதுவது, பழைய வினாத்தாளில் எந்தக் கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று பிரிப்பது போன்றவை எளியவை. இவற்றில் தவறு நேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை என்பதால் இவை வெயில் நேரத்துக்குப் பொருந்தும்.

அதிகாலையை மனப்பாடத்துக்கு ஒதுக்குவது பரவலான பழக்கம். குளிர்ந்த நேரம் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் அது சரி. நாளுக்கு மூன்று மணி நேரமே கிடைக்கும்போது, படித்த வரிகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் அதைச் செலவிடுவது எனக்கு வீண் என்றே படுகிறது. மனப்பாடத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து வேறு எந்த நேரத்திலும் செருகலாம். நாற்பது நிமிடம் இடைவிடாமல் கேட்கும் கணக்கை அப்படிச் செருக முடியாது.

நான்காம் படி: முதலில் தூக்கத்தைக் கணக்கிட்டு, பிறகு எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான முயற்சிகள் கெட்டுப்போவது இந்த இடத்தில். நள்ளிரவு வரை விழித்திருந்துவிட்டு நான்கு மணிக்கு அலாரம் வைப்பவர் குளிர்ந்த நேரத்தைப் பெறுகிறார். ஆனால் அதைப் பயன்படுத்தும் மூளையை இழக்கிறார். பதின்ம வயதினருக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரமும், பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. தேர்வுக் காலத்திலும் உடல் கேட்பது அதே அளவைத்தான்.

நம் மாணவியின் அறை இரவு 11 மணிக்கும் 34 டிகிரியில் இருக்கிறது. அங்கே பத்து மணிக்குப் படுத்தால் புரண்டுகொண்டிருப்பார். தூக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும், சூடான அறை அதைத் தடுக்கும். ஆகவே படிக்கும் நேரத்தை மாற்றுவதற்கு முன்னால் அவர் தூங்கும் இடத்தை மாற்ற வேண்டும். கீழ்த்தளக் கூடம், காற்றோட்டமுள்ள பாதுகாப்பான திறந்த இடம், வெயில் படாத பக்கத்து அறை என எதுவானாலும் சரி. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பது, தோலுக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டி, உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற உதவும். பனிக்கட்டி போன்ற நீரில் குளித்தால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். ஆனால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் நினைத்த பலன் கிடைக்காது.

இடத்தை மாற்றிய பிறகு இரவு 10 மணி முதல் காலை 4.45 வரை ஆறே முக்கால் மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது. மீதியைப் பிற்பகல் 1.15 முதல் 2.45 வரை, வீட்டின் குளிர்ந்த மூலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கி ஈடுசெய்கிறார். மொத்தம் எட்டேகால் மணி நேரம். பிற்பகல் தூக்கம் மூன்று மணிக்கு மேல் நீண்டால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும் என்பதால் அதற்கும் அலாரம் வேண்டும்.

7.30க்கு எழுந்தவர் மறுநாளே 4.45க்கு எழ முயன்றால் மூன்றாம் நாள் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார். ஒவ்வொரு நாளும் இருபது இருபத்தைந்து நிமிடம் முன்னதாக எழுந்து, அதற்கேற்ப முன்னதாகப் படுத்தால் ஒரு வாரத்தில் உடல் பழகிக்கொள்ளும். விடிந்தவுடன் வெளிச்சத்தில் சிறிது நேரம் நிற்பதும் இரவில் திரையையும் விளக்கையும் மங்கலாக்குவதும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். அறை மிகவும் தாமதமாகக் குளிர்ந்து, தூங்க வேறு இடமும் இல்லாதவர், எழும் நேரத்தை 5.30 அல்லது 6 மணி என்று வைத்துக்கொண்டு, குறைவான குளிர்ந்த நேரத்தோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

ஐந்தாம் படி: நாளை அடுக்குங்கள்

கண் விழித்தவுடன் மூளை முழுமையாக விழித்துவிடாது. அந்த மந்தம் பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை நீடிக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். அதனால் மாணவி 4.45க்கு எழுந்து, முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, 5.15க்கு உட்காருகிறார். முந்தைய இரவே பக்க எண், கேள்வி எண் இரண்டையும் துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைத்திருக்கிறார். என்ன படிக்கலாம் என்று காலையில் யோசிக்கத் தொடங்கினால், மிக விலையுயர்ந்த இருபது நிமிடம் அதிலேயே போய்விடும்.

5.15 முதல் 8.30 வரை ஐம்பத்தைந்து நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். இடையில் பத்து, பதினைந்து நிமிட ஓய்வு. முதலிரண்டு பகுதிகளில் கணக்கும் வேதியியலின் புதிய கருத்துகளும். மூன்றாவதில் ஒரு நெடுவினாவை நேரம் வைத்து எழுதுகிறார். செல்பேசி வேறு அறையில் இருக்கிறது.

8.30 வாக்கில் வெளிக்காற்று அறையைவிடச் சூடாகத் தொடங்கும். அதுதான் ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடும் நேரம். ஜன்னலுக்கு வெளிப்புறம் தட்டியோ தடித்த துணியோ தொங்கவிட முடிந்தால், உட்புறத் திரையைவிட அது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படுகிறது. இரவில் வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பிறகே மீண்டும் திறக்க வேண்டும். நாள் முழுதும் ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பவர் வெளி வெப்பத்தை வலிய உள்ளே அழைக்கிறார்.

10 முதல் 12.30 வரை நடுத்தர வேலை. பிற்பகல் தூக்கத்துக்குப் பின், மாலை 4 முதல் 5.30 வரை கீழ்த்தளத்தில் எளிய வேலை. இங்கே ஐம்பத்தைந்து நிமிடப் பகுதிகள் தாங்காது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும். இரவு 7.30 முதல் 9 வரை அறையை விட்டு வெளியே, காற்றுள்ள இடத்தில் அமர்ந்து அன்று காலை படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதுகிறார். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம். பழைய அட்டவணையைவிட இது குறைவாகவே இருக்கலாம், ஆனால் கடினமான பாடத்துக்கு மூன்று மணி நேரம் தெளிவான மூளையோடு கிடைத்திருக்கிறது.

ஆறாம் படி: சூடான நேரத்தில் உடலைக் குளிர்வித்தல்

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுழன்று பயனில்லை. அறை வெப்பம் 40 டிகிரியை நெருங்கினால், விசிறி சூடான காற்றையே உடல்மீது தள்ளும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அந்த நிலைக்கு மேல் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்நேரம் அறையை விட்டு இறங்கிவிடுவதே வழி. அதற்குக் கீழே, முன்கைகளையும் பாதங்களையும் ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு விசிறி முன் அமர்ந்தால் நல்ல பலன் தெரியும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் நீர் மெதுவாகவே ஆவியாகும் என்பதால் இந்தப் பலன் குறையும். ஈரத் துணிகளை அறை முழுதும் தொங்கவிடுவது அங்கே புழுக்கத்தைத்தான் கூட்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கு ஒரு டம்ளர் அளவில் தண்ணீர் குடித்து வாருங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர் மஞ்சளாக மாறினால் கூட்ட வேண்டும். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு இவற்றில் எது வந்தாலும் படிப்பை அங்கேயே நிறுத்திக் குளிர்ந்த இடத்துக்குப் போய், உடலை நனைத்து, நீர் அருந்த வேண்டும். பேச்சு குழறினாலோ, மனம் குழம்பினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே உடலை நீரால் குளிர்வித்தபடி அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: கடைசிப் பத்து நாளில் தேர்வு நேரத்துக்குத் திரும்புங்கள்

இந்த அட்டவணையில் ஒரு பக்கவிளைவு உண்டு. இத்தனை நாள் காலை 8.30க்குள் கடினமான வேலையை முடித்துப் பழகிய மூளை, தேர்வறையில் 11.30 மணிக்குத் தளரத் தொடங்கலாம். தேர்வறையும் குளிர்ந்திருக்கும் என்ற உறுதி இல்லை. அதனால் கடைசிப் பத்து நாளில், ஒருநாள் விட்டு ஒருநாள், மாணவி காலை 10 முதல் 1 மணி வரை முழு மாதிரித் தேர்வு எழுதுகிறார். அந்த நாட்களில் அதிகாலைப் பகுதி மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைகிறது. எழும் நேரமும் மெல்ல 5.30க்கு நகர்கிறது. குளிரூட்டிய அறையிலேயே படித்தவர்களுக்கு இந்தப் படி இன்னும் அவசியம், ஏனென்றால் உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அவர்களும் மாதிரித் தேர்வையாவது தேர்வறை போன்ற இடத்தில் எழுத வேண்டும்.

தேர்வு பிற்பகல் 2 மணிக்கு இருப்பவர்களுக்குக் கவலை வேறு. தினமும் 1.15க்குத் தூங்கிப் பழகிய உடல், வினாத்தாளைக் கையில் வாங்கும்போதே கண்ணை மூடக் கேட்கும். அவர்கள் பிற்பகல் தூக்கத்தை ஒரு வாரம் முன்பிருந்தே முற்பகல் 11.30 மணிக்கு அரை மணி நேரமாகச் சுருக்கி நகர்த்திவிட்டு, இழந்த ஒரு மணி நேரத்தைக் காலையில் தாமதமாக எழுந்து ஈடுகட்ட வேண்டும். மாதிரித் தேர்வுகளையும் 2 மணிக்கே தொடங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மின்வெட்டாலோ புழுக்கத்தாலோ நான்கு மணி நேரமே தூங்கிய இரவு ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். மறுநாள் 4.45 அலாரத்தை ரத்து செய்து 6.15 வரை தூங்குங்கள். 6.45 முதல் 8.30 வரை ஒன்றேமுக்கால் மணி நேரம் மட்டும் கடினமான வேலை செய்து, புதிய பாடத்தைத் தொடாமல், முந்தைய நாள் அரைகுறையாக விட்ட கணக்குகளை முடியுங்கள். பிற்பகல் தூக்கத்தை அன்றும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், அன்றிரவு 9.30க்கே படுத்துவிட்டால், அடுத்த நாள் வழக்கமான அட்டவணைக்குத் திரும்பிவிடலாம்.